வீட்டுச் சலுகைக்கான வரியை நிறுவனம் கட்டுவதென்றால்: எந்த வழி, எவ்வளவு செலவு?

வேலைக்குச் சேரும்போது கொடுக்கும் கடிதத்தில் ஒரு வரி அடிக்கடி தென்படும்: "நிறுவனம் வழங்கும் வீட்டின் மீதான வருமான வரியை நிறுவனமே ஏற்கும்." எழுதுபவருக்கும் கையெழுத்துப் போடுபவருக்கும் இது தெளிவாகவே தோன்றும். பேரோல் போடுகிறவர் உட்கார்ந்து கணக்குப் பார்த்தால்தான் இந்த ஒரே வாக்கியத்துக்கு மூன்று வெவ்வேறு தொகைகள் கிடைப்பது தெரியும். எந்தத் தொகை சரி என்பது, நிறுவனம் எந்த வழியைத் தேர்ந்தெடுக்கிறது என்பதைப் பொறுத்தது.

ஓர் உதாரணத்தை முழுவதுமாகப் போட்டுப் பார்ப்போம். சென்னையில் ஒரு மேலாளர். ஆண்டுக்கு ரொக்கச் சம்பளம் 30,00,000 ரூபாய். நிறுவனம் தன் பெயரில் மாதம் 40,000 ரூபாய்க்கு ஒரு வீட்டை லீசுக்கு எடுத்து அவரைக் குடிவைத்திருக்கிறது. அவரிடமிருந்து வாடகை எதுவும் பிடிப்பதில்லை. லீசுக்கு எடுத்த வீட்டுக்கு, உண்மையான வாடகை அல்லது சம்பளத்தில் 10 சதவீதம், இவற்றில் எது குறைவோ அதுவே சலுகையின் மதிப்பு என்கிறது வருமான வரி விதி 3. வாடகை 4,80,000, சம்பளத்தில் 10 சதவீதம் 3,00,000. ஆகவே சலுகை மதிப்பு 3,00,000 ரூபாய். நிதியாண்டு 2025-26, புதிய வரி முறை, நிலையான கழிவு 75,000 என்று வைத்துக்கொள்வோம்.

வீடே இல்லாமலிருந்தால் அவருக்கு வரி, செஸ் சேர்த்து 4,75,800 ரூபாய். வீடு சேர்ந்ததும் வரிக்குரிய வருமானம் 32,25,000 ஆகி, வரி 5,69,400 ரூபாயாகிறது. வித்தியாசம் 93,600. அதாவது 3,00,000 ரூபாய்க்கு 31.2 சதவீதம், அவர் இருப்பது 30 சதவீத ஸ்லாபில், அதன் மேல் 4 சதவீதம் செஸ்.

ஊழியரே வரியைக் கட்டட்டும் என்று விட்டால் கதை அதோடு முடிந்தது. மாதம் 7,800 ரூபாய் கூடுதலாகப் பிடிப்பார்கள், நிறுவனத்துக்கு வரிச்செலவு ஏதுமில்லை. ஆனால் நிறுவனம் ஏற்பதாகச் சொல்லிவிட்டது. இனி இரண்டு வழிகள்: அரசுக்கு நேரடியாக வரி கட்டுவது, அல்லது ஊழியருக்குக் கூடுதல் பணம் கொடுத்து அவர் கையிலிருந்து பிடிப்பது.

நேரடியாகக் கட்டும் வழி

1961 வருமான வரிச் சட்டத்தின் 192(1ஏ) பிரிவு நிறுவனத்துக்கு ஒரு விருப்ப உரிமை தருகிறது. பணமாகக் கொடுக்காத சலுகைக்கான வரியை, ஊழியர் சம்பளத்தில் பிடிக்காமல், நிறுவனமே முழுதாகவோ பகுதியாகவோ கட்டலாம். 2002 நிதிச் சட்டத்தில் வந்த ஏற்பாடு இது. இதோடு இன்னும் இரண்டு பிரிவுகள் கூடவே வந்தன. 10(10சிசி) பிரிவின்படி, நிறுவனம் இப்படிக் கட்டிய வரி ஊழியருக்கு வருமானமாகாது. 40(ஏ)(v) பிரிவின்படி, அந்த வரியை நிறுவனம் தன் வியாபாரச் செலவாகக் கழிக்க முடியாது. ஒரு கையால் கொடுத்து இன்னொரு கையால் வாங்கிக்கொண்டார்கள் என்று சொல்லலாம்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது: இந்த வழியில் கிராஸ் அப் கிடையாது. நிறுவனம் கட்டிய வரியை மறுபடி ஊழியரின் வருமானத்தில் சேர்த்து, அதற்கு வரி போட்டு, அந்த வரியையும் சேர்த்து என்று போகவே கூடாது. கிராஸ் அப் செய்யச் சொல்லும் 195ஏ பிரிவே, "192(1ஏ) தவிர்ந்த மற்ற இடங்களில்" என்றுதான் தொடங்குகிறது. ஆனாலும் சில பேரோல் கணக்குகளில் இந்த வரியும் "இதர சலுகைகள்" என்ற பெயரில் வருமானத்தில் ஏறிவிடுகிறது. ஊழியரின் படிவம் 12பிஏ-வைப் பார்த்தால் தெரிந்துவிடும். சலுகை மதிப்பு 3,00,000-ஆக மட்டும் இருக்க வேண்டும். நிறுவனம் கட்டிய வரி அதே படிவத்தில் வரி விவரம் எழுதும் இடத்தில், 192(1ஏ) என்ற தனி வரிசையில் வர வேண்டும். இரண்டு இடத்திலும் வந்தால் தவறு.

எவ்வளவு கட்ட வேண்டும்? தடுமாற்றம் இங்கேதான் அதிகம். சலுகையால் கூடிய வரி 93,600, ஆகவே அதைக் கட்டிவிடலாம் என்று தோன்றும். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 192(1பி) பிரிவு சராசரி விகிதத்தைத்தான் எடுக்கச் சொல்கிறது: சலுகையும் சேர்ந்த மொத்தச் சம்பள வருமானத்தின் மீதான வரியை, அந்த வருமானத்தால் வகுத்து வரும் விகிதம்.

```
5,69,400 / 32,25,000 = 17.66%
3,00,000 x (5,69,400 / 32,25,000) = 52,967
```

ஆக நிறுவனம் கட்டுவது 52,967 ரூபாய், மாதம் சுமார் 4,414. மீதி 5,16,433 ரூபாய் ஊழியரின் சம்பளத்திலிருந்து பிடிக்கப்படும். ஆனால் வீடு இல்லாமலிருந்தால் அவரிடம் பிடித்திருக்கப்போவது 4,75,800 மட்டுமே. அதாவது "வரியை நிறுவனம் ஏற்கிறது" என்று கடிதத்தில் எழுதியும், சட்டப்படி சரியாகவே கணக்குப் போட்டும், ஊழியர் கையிலிருந்து ஆண்டுக்கு 40,633 ரூபாய், மாதம் ஏறக்குறைய 3,386 ரூபாய், கூடுதலாகப் போகிறது.

காரணம் எளிது. வீட்டின் மதிப்பு அவர் வருமானத்தின் உச்சியில் போய் உட்கார்ந்து 31.2 சதவீதத்தில் வரியை ஏற்றுகிறது. சட்டமோ அந்த வரியை மொத்த வருமானத்தின் மீதும் சமமாகப் பரப்பி, வீட்டின் பங்கு 17.66 சதவீதம் என்கிறது. மீதியெல்லாம் ரொக்கச் சம்பளத்தின் மீதான வரியாகிவிடுகிறது. ஊழியர் முதல் மாதச் சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டு, "வரி நீங்கள் கட்டுவதாகச் சொன்னீர்களே, பின் ஏன் டிடிஎஸ் ஏறியிருக்கிறது?" என்று கேட்பது நியாயமான கேள்விதான். ஸ்லாபுகளுக்கு இடையே ஏற்றம் இருக்கும்வரை இந்த இடைவெளியும் இருந்தே தீரும். வருமானம் மிகப் பெரிதாக ஆக ஆக, சராசரி விகிதம் உச்ச விகிதத்தை நெருங்கி, இடைவெளி சுருங்கும்.

"அப்படியானால் 93,600-ஐயே நிறுவனம் கட்டிவிட்டால் என்ன?" என்று கேட்கலாம். கட்டலாம். ஆனால் 52,967-க்கு மேல் கட்டும் 40,633 ரூபாய், வீட்டின் மீதான வரி என்ற கணக்கில் வராது. ஊழியரின் ரொக்கச் சம்பளத்தின் மீதான வரியை நிறுவனம் ஏற்றதாகத்தான் அதைப் பார்க்க வேண்டும். ஊழியர் கட்ட வேண்டியதை நிறுவனம் கட்டினால் அது 17(2)(iv) பிரிவின்படி தனியொரு சலுகை, வரிக்கு உட்பட்டது. இந்த மாதிரித் தொகைகளில் கிராஸ் அப் எத்தனை சுற்று போக வேண்டும் என்பது வெளிநாட்டு ஊழியர்களின் வழக்குகளில் நீண்ட நாள் சண்டையாக இருந்தது. 2007-இல் டெல்லி வருமான வரித் தீர்ப்பாயத்தின் சிறப்பு அமர்வு, வரித்தொகையை ஒரு முறை மட்டும் சம்பளத்தில் சேர்த்தால் போதும், அதற்கு மேல் சுற்றத் தேவையில்லை என்றது. ஊழியர் கையில் கொடுக்காமல் அரசுக்குக் கட்டும் வரி பணமாகக் கொடுத்த சலுகை ஆகாது என்பது அதன் அடிப்படை. 2013-இல் டெல்லி உயர் நீதிமன்றமும் அதே பக்கம் நின்றது. ஊழியர்களுக்குச் சாதகமான நிலைதான். ஆனால் ஒரே ஒரு மேலாளரின் வீட்டுக்காக, வழக்குத் தீர்ப்பைச் சான்றாகக் காட்ட வேண்டிய கணக்கை ஒரு நடுத்தர நிறுவனம் கையில் எடுக்க வேண்டுமா என்பது என் சந்தேகம். அந்த 40,633-ஐத் தீர்க்க இதைவிடச் சாதாரணமான வழி இருக்கிறது. அதற்கு முன் இரண்டாவது வழியைப் பார்த்துவிடுவோம்.

பணமாகக் கொடுக்கும் வழி

இதில் நிறுவனம் அரசுக்குத் தன் கணக்கில் எதையும் கட்டுவதில்லை. ஊழியருக்கு ஒரு கூடுதல் அலவன்ஸ் கொடுத்து, எல்லா வரியையும் அவரிடமே பிடிக்கிறது. அலவன்ஸ் என்பதால் அது சம்பளச் செலவு. நிறுவனம் முழுதாகக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த அலவன்ஸுக்கும் வரி உண்டு. ஆகவே இங்கே கிராஸ் அப் கட்டாயம்.

தவறுகளும் இங்கேதான் வரிசையாக நிற்கும். 93,600-ஐ அப்படியே கொடுத்தால் அதிலேயே மூன்றில் ஒரு பங்கு வரியாகப் போய்விடும். "சரி, வரிக்கு வரி சேர்த்துக்கொள்வோம்" என்று 93,600-ஐ 1.312-ஆல் பெருக்கினால் 1,22,803 வரும். அதுவும் போதாது, சேர்த்த தொகைக்கும் வரி இருக்கிறதே. வகுக்க வேண்டும், பெருக்கக் கூடாது. 93,600-ஐ 0.688-ஆல், அதாவது ஒன்றிலிருந்து 31.2 சதவீதத்தைக் கழித்த மீதியால், வகுத்தால் 1,36,047 ரூபாய். பெரும்பாலான எக்செல் தாள்கள் இங்கே நின்றுவிடுகின்றன.

வீட்டுச் சலுகையில் இன்னொரு படி பாக்கி இருக்கிறது. வீட்டின் மதிப்பே சம்பளத்தில் 10 சதவீதம்தானே. அந்தச் சம்பளம் என்ற கணக்கில் வரிக்குரிய அலவன்ஸும் அடங்கும். நாம் கொடுக்கும் கூடுதல் பணம் ஒரு ரூபாய் ஏறினால், வீட்டின் மதிப்பும் 10 காசு ஏறும். ஒரு ரூபாய்க்கு வரி ஏறுவது 1.10 ரூபாய் வருமானத்தின் மீது. சரியான கணக்கு இப்படி:

```
X = 93,600 / (1 - 0.312 x 1.10)
  = 93,600 / 0.6568
  = 1,42,509
```

சரிபார்ப்பது சுலபம். அலவன்ஸ் சேர்த்த ரொக்கச் சம்பளம் 31,42,509. வீட்டின் மதிப்பு 3,14,251. நிலையான கழிவு போக வருமானம் 33,81,760. அதன் மீதான வரி 6,18,309. அந்த வரியைக் கழித்தால் கைக்கு வருவது 25,24,200. வீடே இல்லாதபோது வந்ததும் அதேதான்: 30,00,000 கழித்தல் 4,75,800. கிராஸ் அப் சரியா என்று பார்க்க நான் நம்பும் சோதனை இது ஒன்றுதான். சூத்திரம் எதுவாக இருந்தாலும், சலுகை இல்லாமல் ஒரு முறை, சலுகையும் அலவன்ஸும் சேர்த்து ஒரு முறை, வரியை முழுதாகப் போட்டுப் பாருங்கள். கைக்கு வரும் தொகை இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்லாப் எல்லையைத் தாண்டினாலோ, 50 லட்சத்தைத் தாண்டி சர்சார்ஜ் வந்தாலோ மேலே சொன்ன சூத்திரம் அப்படியே வேலை செய்யாது. அப்போது எக்செல்லின் Goal Seek-ஐ வைத்து இதே சோதனையைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவருவதே நல்லது. உண்மையான வாடகை குறைவாக இருந்து, வாடகையே சலுகை மதிப்பாகிவிட்டால் அந்த 1.10 போய்விடும், பழைய 0.688 போதும்.

செலவை எப்படி ஒப்பிடுவது?

நிறுவனம் 115பிஏஏ பிரிவில் 22 சதவீத வரி கட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். சர்சார்ஜ், செஸ் சேர்த்து 25.168 சதவீதம். பணமாகக் கொடுக்கும் வழியில் வெளியே போவது 1,42,509. செலவாகக் கழித்ததால் மிச்சமாகும் வரி போக, உண்மையான சுமை 1,06,642.

நேரடியாகக் கட்டும் வழியில் 52,967 மட்டும்தான் போகிறது, கழிக்க முடியாது. ஆனால் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து "பாதிச் செலவுதானே" என்று முடிவெடுப்பது சரியல்ல. ஒன்றில் ஊழியருக்கு இழப்பே இல்லை, மற்றதில் 40,633 அவர் தலையில். ஒரே வாக்குறுதியைத்தான் ஒப்பிட வேண்டும்.

ஆகவே, முன்னே சொன்ன சாதாரண வழி: இரண்டையும் சேர்ப்பது. வீட்டின் மீதான வரியைச் சராசரி விகிதத்தில் நிறுவனம் 192(1ஏ)-இல் கட்டட்டும். மிஞ்சும் இடைவெளிக்கு மட்டும் கிராஸ் அப் செய்த அலவன்ஸ் கொடுக்கட்டும். அலவன்ஸ் வந்ததும் வீட்டின் மதிப்பும் சராசரி விகிதமும் லேசாக நகரும். அதனால் ஒரே வகுத்தலில் விடை வராது, இரண்டு மூன்று சுற்று போட வேண்டும். நம் மேலாளருக்கு அது 59,032 ரூபாயில் வந்து நிற்கிறது. நிறுவனம் நேரடியாகக் கட்டும் வரி 54,827 ஆகிறது. ஊழியருக்குக் கைக்கு வருவது அதே 25,24,200. நிறுவனத்தின் உண்மையான சுமை, கழிக்க முடியாத 54,827-உம் அலவன்ஸில் வரிபோக மிஞ்சும் 44,175-உம் சேர்த்து 99,002.

முழுக்கப் பணமாகக் கொடுப்பதைவிட இது 7,640 ரூபாய் குறைவு. ஒரு ஆளுக்கு இது பெரிய தொகையல்ல. பேரோல் ஆள் மாதாமாதம் மண்டையை உடைத்துக்கொள்ளும் நேரத்துக்கு ஈடாகுமா என்பதை நிறுவனம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இப்படி 50 பேர் இருந்தால் கட்டாயம் பார்க்க வேண்டிய தொகை.

எந்தப் பக்கம் லாபம் என்பது இரண்டு விகிதங்களின் போட்டி. நேரடியாகக் கட்டும் ஒரு ரூபாய்க்கு நிறுவனம் தன் வரிக்கழிவை இழக்கிறது. அதே ரூபாயைப் பணமாகக் கொடுத்தால் ஊழியரின் உச்ச விகிதத்தில் கிராஸ் அப் ஏறுகிறது. நம் கதையில் ஊழியர் பக்கம் 34.32 சதவீதம், 1.10-ஐச் சேர்த்து, நிறுவனம் பக்கம் 25.168. ஊழியரின் விகிதம் பெரிது, ஆகவே நேரடியாகக் கட்டுவது மலிவு. அதே நிறுவனத்தில் 20 சதவீத ஸ்லாபில் இருப்பவருக்கு, செஸ்ஸும் 1.10-உம் சேர்ந்தாலும் 22.88 சதவீதம்தான், அவருக்குப் பணமாகக் கொடுப்பதே மலிவு. ஒரே கொள்கையை எல்லோருக்கும் போடுவது வசதிதான், ஆனால் மலிவானது அல்ல. நஷ்டத்தில் ஓடி, பல ஆண்டுகளுக்கு வரி கட்டப்போவதில்லை என்ற நிலையில் உள்ள நிறுவனத்துக்குக் கழிவு கிடைத்தும் இப்போதைக்குப் பயனில்லை. அங்கே நேரடியாகக் கட்டுவதற்குத்தான் என் ஓட்டு.

முடிவெடுக்கும் முன் இரண்டு எல்லைகளை மறக்க வேண்டாம். முதலாவது, 10(10சிசி) விலக்கு பணமாகக் கொடுக்காத சலுகைக்கு மட்டும். லீசு நிறுவனத்தின் பெயரில் இருந்து வாடகையை நிறுவனமே வீட்டுக்காரருக்குக் கட்டினால் அது சலுகை. ஊழியரே தன் பெயரில் வாடகைக்கு எடுத்து, ரசீது கொடுத்துப் பணம் வாங்கிக்கொண்டால் அது ரொக்கம். அதன் வரியை நிறுவனம் 192(1ஏ)-இல் கட்டினேன் என்று சொல்ல முடியாது. ஒப்பந்தம் யார் பெயரில் என்பதை முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது, திரும்பி வரும் பணம். நிறுவனம் 192(1ஏ)-இல் கட்டிய தொகையும் ஊழியரின் வரியாகவே அவர் பான் எண்ணில் வரவாகும்; 199 பிரிவு அப்படித்தான் சொல்கிறது. படிவம் 26ஏஎஸ்-இல் இரண்டு தொகைகளும் சேர்ந்து அவர் பெயரில் தெரிய வேண்டும். ஆண்டுக் கடைசியில் அவர் ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது பழைய வரி முறைக்கு மாறி, வீட்டுக் கடன் வட்டி, மற்ற கழிவுகள் எல்லாம் காட்டி வரி குறைந்தால், ரீஃபண்ட் அவர் வங்கிக் கணக்குக்குத்தான் போகும், நிறுவனத்துக்கு அல்ல. சில நிறுவனங்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சில நிறுவனங்கள் திரும்பத் தர வேண்டும் என்று கடிதத்திலேயே எழுதுகின்றன. எதுவானாலும் எழுதி வைப்பது நல்லது. அதோடு, "வரியை நிறுவனம் ஏற்கும்" என்ற அந்த வாக்கியத்தையும் கொஞ்சம் நீட்டி, சராசரி விகித வரியா அல்லது ஊழியருக்குக் கைக்கு வரும் தொகை குறையாதபடி முழுதுமா என்று சொல்லிவிட்டால், மேலே பார்த்த 40,633 யாருடைய பொறுப்பு என்ற தகராறே வராது.

ஆண்டின் நடுவில் போனஸோ சம்பள உயர்வோ வந்தால் சராசரி விகிதம் மாறும், வீட்டின் மதிப்பும் மாறும். அந்த மாதமே கணக்கைத் திருப்பிப் போட்டு மீதி மாதங்களில் சரிக்கட்டலாம். 192(3) அதற்கு இடம் தருகிறது. மார்ச் வரை தள்ளிப்போட்டால் ஒரே மாதத்தில் பெரிய தொகையாக வந்து நிற்கும். இங்கே சொன்ன பிரிவு எண்கள் எல்லாம் 1961 சட்டத்தின்படி, 2025-26 வருமானத்துக்கானவை. 2026 ஏப்ரல் 1 முதல் 2025 வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால், அதற்குப் பிந்தைய சம்பளக் கடிதங்களில் பழைய எண்களை அப்படியே நகலெடுத்து ஒட்டாமல், புதிய சட்டத்தில் அதற்கு இணையான பிரிவைப் பார்த்து எழுதுங்கள்.